கபடியும் கணுக்காலும்: உடற்கல்வி கேள்வி பதில்

எட்டாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி: கபடிக்கு வேகம்தான் முக்கியம்னு பரீட்சையில எழுதினேன். பாதி மார்க்தான் கிடைச்சது. ஏன் சார்?

வேகம் மட்டும் போதாதும்மா. 50 மீட்டர் ஓட்டம் வேகத்தைக் காட்டும். பாடிப் போகிறவரோ 30 வினாடிக்குள் உள்ளே போய், தொட்டு, சட்டென்று திரும்ப வேண்டும். அப்படி நின்று திசை மாறுவது சுறுசுறுப்பு. 10 மீட்டர் தூரத்தை 4 முறை ஓடும் ஷட்டில் ஓட்டத்தில் அது தெரியும். அதோடு சமநிலையையும் சேர்த்து எழுது. திரும்பும் அந்த நொடியில்தான் பாதம் உள்பக்கம் மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் இழுபடுகிறது.

ஏழாம் வகுப்பு மாணவன், திருவையாறு: எதிரணியில 5 பேர் இருந்தா போனஸ் உண்டா?

கிடையாது. 6 பேராவது வேண்டும்.

ஒரு தாய், திருத்துறைப்பூண்டி: ஆறாவது படிக்கிற பையன். நேத்து அறுப்பு முடிஞ்ச வயல்ல கபடி ஆடி கணுக்கால் வீங்கிடுச்சு. சுளுக்கு வழிக்கிறவர்கிட்ட கூட்டிப் போகலாமா?

வேண்டாம்மா. இந்த வயதில் எலும்பின் முனையில் வளரும் பகுதி இன்னும் கெட்டிப்படவில்லை. பல பிள்ளைகளுக்குத் தசைநாரைவிட அதுதான் முதலில் விட்டுக்கொடுக்கும். வெளியே பார்த்தால் சுளுக்கு மாதிரியே இருக்கும். அதை இழுத்து வழித்தால் விலகாத எலும்பும் விலகலாம்.

இரண்டு பக்கக் கணு எலும்பையும், அதன் பின்விளிம்பையும் நுனிவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். எலும்பின் மேலேயே வலித்தாலோ, நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ இன்றே அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுங்கள். இரண்டும் இல்லையென்றால் ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். கிரேப் பேண்டேஜை விரல் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ அவிழ்த்துவிடுங்கள். படுக்கும்போது காலைத் தலையணை மேல் வையுங்கள்.

களிமண் வயல் காய்ந்தால் வெடிப்பு விடும். குதிகால் அதில் சிக்கும். அறுத்த நெல் தாளை நீக்கி, வெடிப்பை மண் போட்டு மூடித் தண்ணீர் தெளித்து மிதித்த பிறகே ஆட விடுங்கள்.

ஒரு பெரியவர், கும்பகோணம்: நல்லெண்ணெய் போட்டு வழிச்சுத்தான் நாங்க எல்லாரும் எழுந்து நடந்தோம் தம்பி.

ஐயா, லேசான சுளுக்கு வழிக்காவிட்டாலும் ஆறும். வலி தணிந்த பிறகு காலை அசைக்கச் சொல்வதில் நீங்கள் சொல்வது சரி. முதல் மூன்று நாள் மட்டும் கை வைக்காதீர்கள்.

உடற்கல்வி ஆசிரியை, நாகப்பட்டினம்: ஐஸே வேண்டாம்னு இப்ப சிலர் சொல்றாங்களே?

வலி குறைவது உறுதி. சீக்கிரம் ஆறுமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு டீச்சர். நான் வலிக்காகத்தான் சொல்கிறேன்.

ஒரு தந்தை, மயிலாடுதுறை: வெந்நீர் ஒத்தடம்?

முதல் இரண்டு நாள் கூடாது, வீக்கம் ஏறும். வழிப்பதும் கூடாது, மறுபடி சொல்கிறேன்.

அதே தாய்: எப்ப மறுபடி ஆடலாம்?

அடிபட்ட காலில் மட்டும் 30 வினாடி ஆடாமல் நிற்கணும், வலியில்லாமல் நொண்டியடிக்கணும். பிறகு ஷட்டில் ஓட்டம் ஓட விடுங்கள். திரும்பும்போது காலைத் தாங்கித் தாங்கி வைத்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.