வீட்டுக் கடனோடு வந்த இன்சூரன்ஸ் வெள்ளத்துக்கு உதவுமா?

கேள்வி: போன மாசம் வண்ணார்பேட்டையில் வீடு வாங்க 30 லட்சம் வங்கிக் கடன் எடுத்தோம். இன்சூரன்ஸ் கட்டாயம் என்று சொல்லி 96,000 ரூபாயைக் கடனிலேயே சேர்த்துவிட்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதாம். இதுவே போதுமா, வீட்டுக்குத் தனியாக எடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்த 96,000 ரூபாய்க்கு என்ன தாள் கொடுத்தார்கள் என்று முதலில் எடுத்துப் பாருங்கள் சகோதரி. அதில் உங்கள் கணவரின் பிறந்த தேதியும் நாமினி பெயரும் இருந்து, வீட்டின் கதவு எண்ணும் சதுர அடியும் இல்லை என்றால், அது ஆயுள் காப்பீடு. கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியை அடைக்கும், அவ்வளவுதான். தாமிரபரணி வீட்டுக்குள் வந்தால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. ஒரே தவணையில் இவ்வளவு பெரிய தொகை வாங்கியிருப்பதைப் பார்த்தால், இது அந்த வகையாகத்தான் தோன்றுகிறது.

கடனில் சேர்த்ததால் அதற்கும் வட்டி ஓடுகிறது. 8.5 சதவீதம், 20 வருடம் என்று வைத்தால் மாதம் சுமார் 833 ரூபாய், முடிவில் ஏறக்குறைய 2 லட்சம். குடும்பத்துக்கு ஆயுள் காப்பீடு வேண்டியதுதான். ஆனால் இந்த வகையில் காப்புத் தொகை பெரும்பாலும் வருடாவருடம் குறைந்துகொண்டே வரும். அதே தொகைக்குத் தனி டேர்ம் பாலிசி என்ன விலை என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். பாலிசித் தாள் கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை என்றால், காரணம் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம். முத்திரைச் செலவு, அந்த நாட்களுக்கான பிரீமியம் போன்ற சிறு பிடித்தம் போக மீதி திரும்பும். கடன் வாங்க ஆயுள் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அடமானச் சொத்தைக் காப்பீடு செய்யச் சொல்லி வங்கி ஒப்பந்தத்தில் கேட்கலாம். ஆனால் தன்னிடம்தான் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது.

சில வங்கிகள் கட்டடத்துக்கும் ஒரு தீ பாலிசி எடுத்துவைக்கும். அப்படி இருந்தால் நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். மூன்று இடங்களில் கண் வையுங்கள். எந்தத் தேதிவரை? ஒரு வருடத்துக்கு எடுத்துவிட்டுப் புதுப்பிக்காமல் விட்டால் உங்களுக்குத் தெரியாமலே காலாவதியாகிவிடும். வெள்ளம் சேர்ந்திருக்கிறதா? காப்புத் தொகை எப்படிப் போட்டார்கள்? கடன் பாக்கியை வைத்துப் போட்டிருந்தால் அது வங்கியின் பணத்துக்குத்தான் காவல். பல நேரம் வீட்டுச் சாமான் அதில் இருக்காது.

நீங்கள் கேட்க வேண்டியது பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் ஒரே விதிகளோடு தரும் வீட்டுப் பாலிசி இது. தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அடக்கம். தொகையை விற்பனைப் பத்திர விலையில் போடாதீர்கள். மனையை வெள்ளம் கொண்டுபோகாது. திரும்பக் கட்டும் செலவு மட்டும் கணக்கு. கார்பெட் பரப்பு 84 சதுர மீட்டர் (சுமார் 900 சதுர அடி), சதுர மீட்டருக்குக் கட்டுமானச் செலவு 25,000 ரூபாய் என்றால் 21 லட்சம். காம்பவுண்ட் சுவர், சம்ப் தொட்டி, சோலார் பலகை இருந்தால் அவற்றின் செலவைக் கூட்டிச் சொல்லுங்கள். கட்டடம், சாமான் இரண்டுக்கும் எடுத்தால் பட்டியல் கொடுக்காமலே கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதாவது இந்தக் கணக்கில் 4.2 லட்சம், சாமானுக்குச் சேரும். உச்சம் 10 லட்சம். நகைக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். வாசலில் நிற்கும் பைக்கும் காரும் இதில் வராது, அவற்றின் வாகன பாலிசிதான் பேச வேண்டும். வருடக்கணக்கில் ஊறிய சுவர் ஓதத்துக்கும் கிடைக்காது.

பாலிசியில் வங்கியின் பெயரை அடமானதாரராகப் பதியச் சொல்லி, நகலைக் கடன் பிரிவில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இதன்படி கட்டடத்துக்கான இழப்பீடு முதலில் வங்கிக்குப் போகலாம். பழுது பார்க்க அதை விடுவிக்கச் சொல்லிக் கடிதம் கொடுக்க வேண்டிவரும்.

ஐப்பசி மழைக்கு முன் எடுத்துவிடுங்கள். தண்ணீர் வந்து வடிந்ததும் எல்லோரும் செய்வது சுவரைக் கழுவி, ஊறிய மெத்தையைத் தெருவில் போடுவது. அதுதான் கிளெய்மைக் கெடுக்கிறது. தண்ணீர் நின்ற கோடு சுவரில் தெரியும்படி ஒவ்வொரு அறையையும் படம் எடுங்கள். ஃபிரிட்ஜ், இன்வர்ட்டர், மோட்டாரின் மாடல் தகடும் படத்தில் விழ வேண்டும். அன்றே நிறுவனத்துக்குச் சொல்லி கிளெய்ம் எண் வாங்கிக்கொண்டு, சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை பழுதானவற்றை மாடியிலாவது ஏற்றி வையுங்கள்.