படத்தைப் படிக்கும் சாட், படத்தை வைத்திருக்கும் ஸ்கேனர்: கேள்வி பதில்

நிஷா: ரெண்டுலயும் போன் கேமராதான். ஸ்கேனர் ஆப்ல எடுத்தா பிடிஎஃப் வருது, ஏஐ சாட்ல போட்டா பதில் வருது. உள்ளுக்குள்ள என்னதான் வித்தியாசம் சார்?

ஸ்கேனர் செயலி தாளின் நான்கு மூலைகளைக் கண்டுபிடித்து, கோணலை நிமிர்த்தி, நிழலை அகற்றி, பின்னணியை வெளுப்பாக்கிச் சேமிக்கிறது. அவ்வளவுதான். தாளில் 378 என்று இருந்தால் அது எண் என்பதே அதற்குத் தெரியாது. வெளுப்பின் மேல் சில கறுப்புப் புள்ளிகள், அவ்வளவே.

சாட் கருவி படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி எண்களாக மாற்றிக்கொள்கிறது. அதோடு உங்கள் கேள்வியையும் சேர்த்துப் பார்த்து, அடுத்து எது வரத்தக்கது என்று ஊகித்து ஊகித்து எழுதுகிறது. உங்கள் கைக்கு வருவது நகல் அல்ல, புதிதாக எழுதப்பட்ட ஒன்று. அதனால் பிழையும் வேறு மாதிரி இருக்கும். ஸ்கேன் கெட்டால் எழுத்து மங்கித் தெரியும், கண்ணே சொல்லிவிடும். சாட் தவறாகப் படித்தாலும் அந்தத் தவறு பளிச்சென்று, சரியான எழுத்து போலவே வந்து நிற்கும்.

முகில்: ஆனா என் ஸ்கேனர் ஆப்ல ஒரு வார்த்தை போட்டுத் தேடினா சரியா அந்தப் பக்கம் வருதே. அப்போ அதுவும் படிக்குதுதானே?

பாதி சரி. உங்கள் செயலியில் எழுத்துணரி என்ற கூடுதல் வேலை நடக்கிறது. படத்தின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றை அது வைக்கிறது; தேடும்போது அகப்படுவது அந்த அடுக்குதான். பல செயலிகளில் இது இருக்காது, அல்லது அமைப்புகளில் அணைந்து கிடக்கும்.

சோதிப்பது எளிது. பிடிஎஃப்பில் ஒரு வரியை விரலால் அழுத்தித் தேர்ந்தெடுங்கள். தேர்வாகவில்லை என்றால் அது வெறும் படம். தேர்வானால் நகலெடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டுங்கள். தமிழ்ப் பக்கத்துக்கு மொழியைத் தமிழ் என்று தேர்வு செய்யாமல் விட்டிருந்தால் அங்கே குப்பையாக வந்து விழும். எழுத்துணரி எழுத்தின் வடிவத்தோடு நின்றுவிடும், "மூன்றாவது வரி எதைச் சொல்கிறது?" என்று அதனிடம் கேட்க முடியாது.

தேவி: கணக்குத் தாளை சாட்ல போட்டு அட்டவணையா அடிக்கச் சொன்னேன். ஒரு எண் மாறிடுச்சு. படம் தெளிவாத்தான் இருந்தது, ஏன்?

உங்களுக்குத் தெளிவு, அதற்குப் போய்ச் சேர்ந்தது தெளிவில்லை. பல கருவிகள் பெரிய படத்தை உள்ளே எடுப்பதற்கு முன் சுருக்குகின்றன. A4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுத்தால் 2480 × 3508 பிக்சல். அதில் 8 பாயின்ட் எழுத்தளவில் அச்சான ஒரு இலக்கம் சுமார் 23 பிக்சல் உயரம் இருக்கும். நீளப்பக்கம் 1500 ஆகச் சுருங்கினால் அதே இலக்கம் 10 பிக்சல்தான். அந்த அளவில் 3க்கும் 8க்கும் இடப்பக்கம் ஓரிரு புள்ளிதான் வேறுபாடு. (எவ்வளவு சுருக்கும் என்பது கருவிக்குக் கருவி மாறும்; 1500 என்பது கணக்குக்காக.)

முழுத் தாளாகப் போடாதீர்கள். மூன்று துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் முந்தைய துண்டின் கடைசி இரண்டு வரி திரும்ப வரட்டும். அந்த வரிகள் இரண்டு முறையும் ஒரே மாதிரி படிக்கப்பட்டனவா என்று பார்த்துக்கொள்ளலாம். நெடுவரிசைத் தலைப்பு முதல் துண்டில் மட்டுமே இருக்கும், ஆகவே மற்ற துண்டுகளுக்கு அதை நீங்களே தட்டச்சு செய்து கொடுங்கள். கேட்கும்போது "உள்ளபடி அடி, திருத்தாதே, படிக்க முடியாத இலக்கத்துக்கு [?] போடு" என்று சொல்லுங்கள். [?] வராததால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது, ஆனாலும் இப்படிக் கேட்பது உதவும்.

சரிபார்ப்பு இப்படி. தாளில் 412, 378, 1065, 290. அடியில் கூட்டுத்தொகை 2145. சாட் தந்தது 412, 373, 1065, 290. கால்குலேட்டரில் கூட்டினால் 2140 வருகிறது, 5 குறைகிறது. ஒன்றின் இடத்தில் 5 குறைந்தால் முதல் சந்தேகம் 8 எங்கோ 3 ஆகியிருக்கிறது என்பதுதான். 3இல் முடியும் எண் ஒன்றே ஒன்று இருக்கிறது, தாளில் அதைப் பாருங்கள். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம்.

கூட்டலை அதே சாட்டிடம் விடாதீர்கள். தாளில் உள்ள 2145ஐயும் அது பார்த்திருப்பதால், கூட்டாமலே "சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிடக்கூடும்.

செல்வம்: எங்க அம்மா பென்சில்ல எழுதின பழைய நோட்டு ஒண்ணு இருக்கு. ஸ்கேனர்ல கறுப்பு-வெள்ளையா எடுத்து, அதை சாட்ல போட்டேன். பாதி வரி தப்பு. நோட்டு ரொம்பப் பழசுங்கறதாலயா?

பழமையைவிட அந்தக் கறுப்பு-வெள்ளைதான் காரணமாக இருக்கும். அந்த வடிகட்டி ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பு அல்லது வெள்ளை என்று முடிவு செய்துவிடுகிறது. பென்சிலின் சாம்பல் நிறம் வெள்ளைப் பக்கம் போய்விடும். தமிழில் இன்னொரு கேடும் உண்டு: மெய்யெழுத்தின் புள்ளியைத் தூசி என்று துடைத்துவிடும். "பட்டம்" என்பது "படடம" ஆகிவிட்டால் சாட் ஏதோ ஒரு சொல்லை ஊகித்து நிரப்பும்.

சாட்டுக்கு வடிகட்டி இல்லாத வண்ணப் படத்தைக் கொடுங்கள். ஜன்னல் பக்கத்துப் பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், பக்கத்துக்கு இரண்டு மூன்று படம். இன்னொன்று, உங்கள் அம்மா பேச்சுவழக்கில் எழுதியிருந்தாலோ எழுத்துப்பிழை விட்டிருந்தாலோ சாட் அதைச் சொல்லாமலே திருத்திவிடும். அவர் எழுதியது எழுதியபடி வேண்டுமானால் வரிக்கு வரி மூலத்தோடு ஒப்பிடத்தான் வேண்டும்.

ஜான்சி: ஆக ஸ்கேனர் ஆப்பை அழிச்சிட்டு எல்லாத்தையும் சாட்லயே போட்டு வைக்கலாம்ங்கறீங்க?

இல்லை, நேர்மாறு. சாட் உரையாடல் பெட்டகம் அல்ல. அங்கே போட்ட படம் சுருங்கியிருக்கலாம், உரையாடலை நீக்கினால் படமும் போய்விடும். மேலும் ஒரு விண்ணப்பத்தோடு நகல் இணைக்கச் சொன்னால், சாட் அடித்துத் தந்த எழுத்து நகலாகாது. முதலில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து கோப்பாக வையுங்கள். சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க அதுதான் இருக்கும். அந்தக் கோப்பிலிருந்து தேவையான பகுதியை மட்டும் வெட்டிச் சாட்டுக்குக் கொடுங்கள். பெயர், அடையாள எண், கையொப்பம் உள்ள பகுதி பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை.

இளங்கோ: ஸ்கேனர் பிழை கண்ணுக்குத் தெரியும்னு முதல் பதில்ல சொன்னீங்க. அது எப்பவும் உண்மை இல்ல.

ஒப்புக்கொள்கிறேன். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினியியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில நகல் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது 6ஐ 8ஆக மாற்றுவதைக் கண்டு வெளியிட்டார். JBIG2 என்ற சுருக்குமுறை, ஒன்றுபோலத் தெரியும் எழுத்துத் துண்டுகளை ஒரே துண்டாக எண்ணி மறுபடி ஒட்டியதுதான் காரணம். அங்கேயும் பிழை பளிச்சென்றுதான் இருந்தது. ஆகவே எண்கள் நிறைந்த தாளில் "மிகச் சிறிய கோப்பு" என்ற தேர்வைத் தவிர்ப்பேன். படத்தை வெறும் ஜேபெக் ஆகச் சேமித்தால் எழுத்து மங்கலாம், கட்டம் கட்டமாகத் தெரியலாம்; இப்படி இடம் மாற்றி ஒட்டாது.

தேவி: ரெண்டு வேற வேற சாட்ல போட்டு, ரெண்டும் ஒரே எண்ணைச் சொன்னா நம்பலாமா?

வேறுபட்டால் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று உறுதியாகத் தெரிகிறது, அதுவரை பயன்தான். ஒத்துப்போனால் எவ்வளவு நம்பலாம் என்பதில் எனக்கே இரண்டு மனது. மங்கலான 8 இரண்டுக்கும் 3ஆகவே தெரிய வாய்ப்புண்டு. கூட்டுத்தொகை இல்லாத தாளானால் நான் இன்னும் விரலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

இளங்கோ: ஒரே படத்தைக் கொடுக்காம, தாளை ரெண்டு தடவை தனித்தனியா எடுத்துக் கொடுத்தா?

அது மேல். வெளிச்சமும் கோணமும் மாறினால் மங்கல் அதே இடத்தில் விழாது. ஆனால் தாளிலேயே மை பரவியிருந்தால் அதனாலும் பயனில்லை.