காணாமல் போகும் புள்ளிகள்: ஒயிட்போர்டு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒயிட்போர்டு படங்களைப் பற்றியவை.

போர்டின் நடுவில் ட்யூப்லைட் வெள்ளையாக அடிக்கிறது. எடிட் செய்து எடுக்க முடியுமா?

முடியாது. வெளிச்சம் அடித்த இடத்தில் எழுத்தே பதிவாகவில்லை. ஃபிளாஷை அணைத்துவிட்டு இரண்டடி பக்கவாட்டில் தள்ளி நின்று எடுங்கள். போர்டின் நான்கு மூலையும் படத்துக்குள் இருந்தால் போதும், சாய்வை ஸ்கேனர் ஆப் நிமிர்த்திவிடும்.

மீட்டிங் முடிந்து ஆறு படம் எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட்டேன். இன்னொருவர் அங்கிருந்து இறக்கி பிடிஎஃப் ஆக்கினார். எழுத்து மசமசவென்று இருக்கிறது. எந்த ஆப் நல்லது?

ஆப்பை ஏன் கேட்கிறீர்கள்? படத்தைக் கெடுத்தது குரூப்பில் போட்டதுதான். இதை எத்தனை தடவை எழுதினாலும் அடுத்த வாரம் அதே கடிதம் வருகிறது.

கணக்குப் பாருங்கள். எட்டடி போர்டு என்றால் 96 அங்குலம். போன் எடுக்கும் படம் சுமார் 4000 பிக்சல் அகலம், அதாவது அங்குலத்துக்கு 40 பிக்சல். சாதாரணமாக ‘போட்டோ’வாக அனுப்பினால் அது ஏறக்குறைய 1600-க்குச் சுருங்கும். அங்குலத்துக்கு 17 பிக்சல்தான் மிஞ்சும். ஆங்கில எழுத்து அதிலும் ஓரளவு பிழைத்துக்கொள்ளும். தமிழில் மார்க்கரால் வைக்கும் புள்ளி அரைக்கால் அங்குலம் இருந்தால் அதிகம். முதலில் ஐந்து பிக்சலாக இருந்தது இப்போது இரண்டு பிக்சல்.

அதன் மேல் ஸ்கேனர் ஆப்பின் கறுப்பு-வெள்ளை ஃபில்டரைப் போடுகிறீர்கள். அது இரண்டு பிக்சல் பொட்டைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும். ‘க்’ எல்லாம் ‘க’ ஆவதைக்கூட ஊகித்துப் படித்துக்கொள்ளலாம். தசமப் புள்ளி போனால்? எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை 1.5 லட்சம் பிடிஎஃப்பில் 15 லட்சமாக நின்றது. நல்ல வேளை, எழுதியவரே அதைப் பார்த்துவிட்டார். சிவப்பில் அடித்துவிட்ட வரிகளும் கறுப்பாகிவிட்டதால், எது தள்ளுபடி என்றும் யாருக்கும் புரியவில்லை.

ஆகவே, படத்தை ‘டாக்குமென்ட்’டாக அனுப்புங்கள், அல்லது எடுத்த போனிலேயே பிடிஎஃப் செய்யுங்கள். கலர் ஃபில்டர் மட்டும் போடுங்கள். முடிந்ததும் எண்கள் உள்ள இடத்தைப் பெரிதாக்கி, மூலப் படத்தோடு ஒப்பிடுங்கள். போர்டை அதற்கு அப்புறம் அழியுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

லேப்டாப்பில் மொத்தமாகச் செய்ய வழி உண்டா? ஒரு பக்கம் நிழலாகவும் இருக்கிறது.

உண்டு. லினக்ஸ் அல்லது மேக் என்றால் இமேஜ்மேஜிக், img2pdf என்ற இரண்டு நிரல்கள் போதும். சாய்வை நிமிர்த்தி, ஓரம் வெட்டிய படத்தில் இதை ஓட்டுங்கள்:

```
magick 01.jpg -auto-orient \( +clone -blur 0x40 \) \
  -compose Divide_Src -composite \
  -level 30%,95% -quality 85 s01.jpg
```

படத்தின் நகல் ஒன்றை எழுத்தே தெரியாத அளவுக்கு மங்கலாக்கினால், அதில் வெளிச்சமும் நிழலும் மட்டும் நிற்கும். மூலப் படத்தை அதால் வகுத்தால் நிழல் கழன்றுவிடும், மார்க்கர் நிறம் தங்கும். ஒவ்வொரு படத்துக்கும் இப்படிச் செய்த பிறகு:

```
img2pdf s01.jpg s02.jpg s03.jpg -o meeting.pdf
```

முழுக்க வண்ணம் அடித்த கட்டங்கள் நடுவில் வெளுத்துப்போகும். அது இந்த முறையின் குறை, பயப்பட வேண்டாம். ட்யூப்லைட் வெள்ளைக்கு இதுவும் மருந்தல்ல, மேலே சொன்னேன்.

போன வாரம் அழித்த எழுத்து ஆவி மாதிரி பின்னால் தெரிகிறது.

மேலே உள்ள magick கட்டளையில் 95-ஐ 85 ஆக்கிப் பாருங்கள். மங்கல் எல்லாம் வெள்ளையாகும். ஆனால் மஞ்சள் மார்க்கரும், தீரப்போகும் மார்க்கரில் எழுதியதும் சேர்ந்தே போய்விடும். மீட்டிங்குக்கு முன் போர்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

பிடிஎஃப்பில் வார்த்தையைத் தேட முடியுமா?

மார்க்கர் கையெழுத்தை, அதுவும் தமிழை, நம்பித் தேட முடியாது. முடிவுகளை ஐந்து வரி டைப் செய்து முதல் பக்கமாக வையுங்கள்.

பக்கங்கள் 1, 10, 2 என்று மாறி வருகின்றன.

01, 02 என்று பெயர் வையுங்கள். அதைவிட நல்லது, படம் எடுக்கும் முன் போர்டின் மூலையிலேயே தேதியும் பக்க எண்ணும் எழுதிவிடுவது.

மெயிலில் போகவில்லை, 24 எம்பி.

ஜிமெயிலின் வரம்பு 25 எம்பிதான். அனுப்பும்போது இணைப்பு மூன்றில் ஒரு பங்கு ஊதும், அதனால் 18-க்குள் வையுங்கள். பின்னணி வெளுத்தாலே எடை குறையும். இதற்காகப் படத்தை 1600-க்குச் சுருக்கிவிடாதீர்கள், புள்ளி போய்விடும்.