420 மீட்டர் குழாயில் எத்தனை லிட்டர் தண்ணீர் நிற்கும்?

கேள்வி: கிணற்று மோட்டாரிலிருந்து வாழைத் தோட்டத்தின் வால்வு வரை 63 மி.மீ. பி.வி.சி. குழாயை 420 மீட்டர் தூரம் பதித்திருக்கிறேன். மீந்த துண்டில் சுவரின் தடிமன் 2 மி.மீ. இருக்கிறது. மோட்டாருக்கு அருகிலேயே வெஞ்சுரி வைத்து உரம் விடுகிறேன். வால்வுக்கு அப்பால் 4 லிட்டர் சொட்டுவான்கள் 1800 ஒரே நேரத்தில் ஓடுகின்றன. குழாய்க்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கும், உரம் முடிந்தபின் எவ்வளவு நேரம் வெறும் தண்ணீர் ஓட்ட வேண்டும்?

பதில்: சுமார் 1150 லிட்டர் நிற்கும். அந்த உரநீர் முழுவதும் வால்வைத் தாண்ட ஏறத்தாழ பத்து நிமிடம் ஆகும்.

முதலில் விட்டத்தைச் சரியாக எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பெரும்பாலான கணக்குகள் பிழையாவது இந்த இடத்தில்தான். பி.வி.சி. குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் 63 என்பது வெளிவிட்டம். தண்ணீர் நிற்பதோ உள்விட்டத்துக்குள். சுவர் இரண்டு பக்கமும் இருப்பதால் தடிமனை இருமுறை கழிக்க வேண்டும். 63-இலிருந்து 4 போக உங்கள் குழாயின் உள்விட்டம் 59 மி.மீ. ஆகிறது. அதே 63 மி.மீ. குழாய் 4 கிலோ, 6 கிலோ, 10 கிலோ என வெவ்வேறு அழுத்தத் தரங்களில் விற்கப்படுகிறது. தரம் கூடக்கூடச் சுவர் தடித்து உள்விட்டம் குறையும் என்பதால், பக்கத்துத் தோட்டக்காரரின் அளவை வாங்கிப் பயன்படுத்தாதீர்கள். துண்டை அளக்கும்போது இன்னொரு குழாயை நுழைப்பதற்காக அகலப்படுத்தப்பட்ட முனையைத் தவிர்த்து, மறுமுனையில் குறுக்காக இரண்டு திசைகளில் அளந்து சராசரி எடுங்கள். வெயிலில் கிடந்த குழாய் சற்று நசுங்கி நீள்வட்டமாகியிருக்கக்கூடும்.

இனிக் கணக்கு. உள்விட்டத்தை அதனாலேயே பெருக்கி, வரும் எண்ணை 0.7854 ஆல் பெருக்கினால் குழாயின் உட்புறக் குறுக்குவெட்டுப் பரப்பு சதுர மில்லிமீட்டரில் கிடைக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட நீர்த்தண்டின் கொள்ளளவு சரியாக ஒரு மில்லிலிட்டர் என்பதால், பரப்பாக வந்த அந்த எண்ணே ஒரு மீட்டர் குழாயில் நிற்கும் மில்லிலிட்டர்களின் எண்ணிக்கையும் ஆகும். வேறு அலகு மாற்றம் எதுவும் தேவைப்படாத இந்த வழியைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

```
59 × 59 = 3481
3481 × 0.7854 = 2734 மி.லி. (ஒரு மீட்டருக்கு)
2.734 × 420 = 1148 லிட்டர்
```

வெளிவிட்டமான 63-ஐயே வைத்துக் கணக்கிட்டிருந்தால் 1309 லிட்டர் வந்திருக்கும். அதாவது 160 லிட்டருக்கு மேல் அதிகம். விட்டம் தன்னாலேயே பெருக்கப்படுவதால் அதில் நேரும் சிறு பிழையும் இரட்டிப்பாகிறது. உள்விட்டத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் தவறினால் விடை 3 சதவீதத்துக்கு மேல் மாறும், ஆனால் நீளத்தில் நான்கு மீட்டர் தவறினாலும் ஒரு சதவீதம்தான் மாறும். ஆகவே, நீளத்தைக் காலடியால் அளந்தாலும் குற்றமில்லை. விட்டத்துக்கு வெர்னியர் அளவுகோல் வேண்டும். உள்விட்டம் அங்குலத்தில் தெரிந்திருந்தால், அதை அதனாலேயே பெருக்கிப் பாதியாக்குங்கள். மீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பது ஏறக்குறையச் சரியாகவே வந்துவிடும்.

நேரத்தைக் கண்டுபிடிக்க, சொட்டுநீர் ஓடும்போது குழாயில் செல்லும் நீரின் அளவு தெரிய வேண்டும். குழாயின் முனையைத் திறந்து டிரம்மில் பிடித்து அளந்தால், எதிரழுத்தம் இல்லாததால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். உங்கள் 1800 சொட்டுவான்களும் மணிக்கு 4 லிட்டர் வீதம் விட்டால் மொத்தம் 7200 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 120 லிட்டர். 1148-ஐ 120 ஆல் வகுக்க ஒன்பதரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாக வருகிறது. குழாயின் நடுவில் நீர் வேகமாகவும் சுவரோரத்தில் மெதுவாகவும் செல்வதால், உரநீரின் வால் பகுதி கொஞ்சம் நீண்டு பின்தங்கும். அதற்காக இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு குழாய் முழுவதும் நிரம்பி ஓடுகிறது என்ற அடிப்படையில் போடப்பட்டது. வழியில் மேடு இருந்து அங்கே காற்று தங்கினால் நிற்கும் தண்ணீர் குறையும். மேட்டின் உச்சியில் காற்று வால்வு இருந்தால் அந்தக் கவலை இல்லை.

வால்வுக்கு அப்பாலுள்ள கிளைக் குழாய்களும் பக்கவாட்டுக் குழாய்களும் இதில் சேரவில்லை. பக்கவாட்டுக் குழாயில் ஒவ்வொரு சொட்டுவானைத் தாண்டியதும் நீரோட்டம் குறைந்துகொண்டே போவதால், கடைசிச் செடியை உரம் சென்றடைவது மிகவும் மெதுவாகவே நடக்கும்; அதை இந்த வகுத்தலால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு, உப்பின் அளவைக் காட்டும் இ.சி. மீட்டரால் கடைசிச் சொட்டுவானின் நீரைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சோதியுங்கள். அது கிணற்று நீர் காட்டும் அதே எண்ணுக்குத் திரும்பிய பிறகு மோட்டாரை நிறுத்தலாம்.