‘இன்னும்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கேளுங்கள்

கேள்வி: டீமில் எனக்கு சீனியர் ஒருவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தரவேண்டிய ஏபிஐ வந்தால்தான் என் ஸ்க்ரீன் வேலை நகரும். செவ்வாய் தருவதாகச் சொன்னார், இன்று புதன். போன தடவை இதே மாதிரி நேரத்தில் “இன்னும் முடிக்கலையா அண்ணா?” என்று கேட்டேன், இரண்டு நாள் முகம் கொடுத்தே பேசவில்லை. நான் லீடும் கிடையாது. குத்திக்காட்டுவதுபோல் தெரியாமல் எப்படிக் கேட்பது?

பதில்: போன தடவை அனுப்பிய அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்கலாம். மூன்றே சொல். அதில் ‘அண்ணா’ மட்டும்தான் உங்களுக்காகப் பேசுகிறது. ‘இன்னும்’ என்றால் இதற்குள் முடிந்திருக்க வேண்டும் என்று அர்த்தம். ‘முடிக்கலை’ என்றால் முடிக்காதவர் ஒருவர் இருக்கிறார், அது அவர்தான். அதன் மேல் ஒரு ‘ஆ’ ஏறியதும் கேள்வி விசாரணையாகிவிடுகிறது. நேரில் சிரித்த முகத்தோடு கேட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. திரையில் முகம் தெரியாதே.

தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது, நாம்தான் அதைக் கவனிப்பதில்லை. ‘முடிச்சிட்டீங்களா?’ என்றால் கேள்வி ஆளைப் பற்றியது. ‘முடிஞ்சிருச்சா?’ என்றால் வேலையைப் பற்றியது. ‘எந்த அளவுல இருக்கு?’ என்றால் ஆம், இல்லை என்ற இரண்டு வாசலோடு நிற்காமல், பாதியில் இருக்கிறது என்று சொல்லவும் இடம் கிடைக்கிறது. கேட்கப்படுபவர் பெரும்பாலும் அந்தப் பாதியில்தான் இருப்பார். இன்னொன்று, அந்தச் சின்ன ‘ஏ’. “செவ்வாய் தர்றேன்னு சொன்னீங்களே”, “நேத்தே வந்திருக்கணுமே”. ஒரே ஓர் எழுத்துதான், ஆனால் அது கூண்டில் ஏற்றிவிடும். ‘தானே’, ‘மறுபடியும்’ இரண்டும் இதே வேலையைச் செய்பவை. அனுப்பும் முன் இவற்றை மட்டும் தேடிப்பார்த்து எடுத்துவிடுங்கள்.

“நான் அந்த அர்த்தத்தில் கேட்கவே இல்லையே” என்று உங்களுக்குத் தோன்றலாம். எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலிய உளவியல் ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சில வாக்கியங்களைக் கிண்டலாகவோ நிஜமாகவோ மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். படிப்பவர் நூற்றுக்கு 78 தடவை தொனியைச் சரியாகப் பிடிப்பார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். பிடித்தது 56 தடவை. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 வந்துவிடும். நாம் எழுதும்போது நம் குரல் நம் காதில் கேட்கிறது, வாங்குபவருக்கு அது போய்ச் சேருவதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் சொல்லை மாற்றுவது பாதி வேலைதான். உண்மையில் குத்துவது, நீங்கள் எழுதாமல் விட்ட இடம். ஏன் இப்போது கேட்கிறீர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால், அந்தக் காரணத்தை அவரே நிரப்பிக்கொள்வார். ஏற்கெனவே ஒரு நாள் தாமதமாகி உள்ளுக்குள் உறுத்திக்கொண்டிருக்கும் ஆள் நிரப்பும் காரணம் நல்லதாகவா இருக்கும்? ‘என்மேல் நம்பிக்கை இல்லை’, ‘லீடிடம் சொல்லப் போகிறாள்’ என்றுதான் ஓடும். ஆகவே காரணத்தை நீங்களே எழுதிவிடுங்கள். அது உங்கள் வேலையிலிருந்து வரும் காரணமாக இருக்கட்டும்.

அதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, பார்க்க வேண்டியதைப் பாருங்கள்: டிக்கெட்டில் ஏதாவது எழுதியிருக்கிறாரா, கோடு எதுவும் ஏற்றியிருக்கிறாரா, இன்று லீவா, குரூப்பில் காலையிலேயே சொல்லிவிட்டாரா. ஒருமுறை நான் கூட வேலை பார்த்தவரிடம் “ரிப்போர்ட் என்ன ஆச்சு?” என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு லிங்க் மட்டும் வந்தது. இரண்டு நாள் முன்பே பொது ஃபோல்டரில் போட்டு, என் பெயரையும் குறித்து வைத்திருந்தார். அந்த லிங்கைப் போல் என்னை யாரும் திட்டியதில்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். அந்த ஏபிஐ பில் டவுன்லோடுக்கானது என்றும், வெள்ளி மாலை 4 மணிக்கு டெமோ, நாளை மதியத்துக்குள் உங்கள் ஸ்க்ரீன் டெஸ்டிங்குக்குப் போக வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். இன்று காலை 11 மணிவாக்கில் அவருக்குத் தனியாக இப்படி அனுப்பலாம்:

“அண்ணா, பில் டவுன்லோட் ஏபிஐ பத்தி ஒரு விஷயம். வெள்ளிக்கிழமை டெமோவுக்கு என் ஸ்க்ரீனை நாளைக்கு மதியம் டெஸ்டிங்குக்குக் கொடுக்கணும். நிஜ டேட்டாவோட போகவா, டம்மி டேட்டாவோட போகவான்னு இன்னைக்குச் சாயங்காலம் முடிவு பண்ணணும், அதுக்காகக் கேக்குறேன். ஏபிஐ இப்போ எந்த அளவுல இருக்கு, என்னென்ன பாக்கி? நாளைக் காலைக்குள்ள வராதுன்னாலும் பரவாயில்ல, டம்மி டேட்டா வச்சு ஓட்டிக்கிறேன். ரெஸ்பான்ஸ் ஃபார்மேட் மட்டும் கிடைச்சா போதும். 4 மணிக்குள்ள ஒரு வரி சொல்லுங்கண்ணா.”

செவ்வாய்க்கிழமை என்ற சொல்லே இதில் இல்லை, கவனித்தீர்களா? அது அவருக்கு நன்றாகத் தெரியும். நாம் எடுத்துச் சொன்னால் ஞாபகப்படுத்துவதாகாது, சுட்டிக்காட்டுவதாகத்தான் ஆகும். கடந்துபோன தேதிக்குப் பதில் வரப்போகும் தேதி மட்டும் இருக்கிறது. முடிவெடுக்க வேண்டியது நீங்கள் என்றும் தெளிவாக இருக்கிறது. அவர் தருவது விளக்கம் அல்ல, உங்கள் முடிவுக்கு வேண்டிய தகவல்.

இதில் கனமான வரி ‘வராதுன்னாலும் பரவாயில்ல’ என்பதுதான். ‘இல்லை’ என்று பதில் சொல்ல அது வழிவிடுகிறது. ஆனால் அது நிஜமாக இருக்க வேண்டும். கையில் மாற்றுவழி இல்லாமல் ஒப்புக்குப் ‘பரவாயில்ல’ போட்டால், நாளைக்கு அவர் அதைப் பிடித்துக்கொள்வார். மாற்றுவழியே இல்லாத நிலைமை என்றால் அதையும் நேராகவே சொல்லிவிடுங்கள்: “இது இல்லாம டெமோவுல அந்தப் பகுதியைக் காட்ட முடியாது, அதான் இன்னைக்கே தெரிஞ்சுக்கணும்.” உண்மை நிலவரத்தைச் சொல்வது குற்றச்சாட்டு ஆகாது.

‘எப்போ முடியும்?’ என்று கேட்காமல் ‘என்னென்ன பாக்கி?’ என்று கேட்டிருப்பதிலும் காரணம் உண்டு. ஏற்கெனவே தவறிய ஆளிடம் ‘எப்போ’ என்று கேட்டால், அந்த நேரத்துச் சங்கடத்தில் வாயில் வந்த ஒரு நேரத்தைச் சொல்லிவிடுவார். ரோஜர் ப்யூலரும் உடனிருந்தவர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்தார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். நெருக்கடி எதுவும் இல்லாமல் போட்ட கணக்கே அப்படி என்றால், உங்கள் மெசேஜைப் பார்த்ததும் போடும் கணக்கு எப்படி இருக்கும்! ‘90 சதவீதம் முடிஞ்சது’ என்ற பதிலும் உங்களுக்கு உதவாது. “டவுன்லோட் வேலை செய்யுது, பெரிய பில்லுக்கு டைம் அவுட் ஆகுது, எர்ரர் மெசேஜ் ரெண்டு பாக்கி” என்று வந்தால், நாளைக்குள் வருமா வராதா என்று நீங்களே ஊகித்துவிடலாம்.

குத்திவிடக் கூடாதே என்ற பயத்தில் மறுபக்கம் சாய்பவர்களும் உண்டு. “சும்மாதான் கேட்டேண்ணா, அவசரமே இல்ல, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க.” இது மெசேஜிலேயே மோசமான வகை என்பேன். அவசரம் இல்லை என்று நம்பி அவர் வேறு வேலையைக் கையில் எடுப்பார். மறுநாள் நீங்கள் பதறிப்போய் நிற்கும்போது, மாட்டிவிடப்பட்டதாக உணர்வது அவர்தான். வெறும் “ஹாய் அண்ணா” போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதும் வேண்டாம். அடுத்து என்ன வரப்போகிறதோ என்று அவர் வயிற்றைக் கலக்கும். குரூப்பில் கேட்பதும், லீடைச் சேர்த்து மின்னஞ்சல் போடுவதும் எவ்வளவு மென்மையாக எழுதினாலும் புகார்தான். முதல் தடவை தனியாகவே கேளுங்கள்.

4 மணி தாண்டியும் பதில் இல்லையா? பழைய மெசேஜையே ஃபார்வர்ட் செய்வது, இரண்டு கேள்விக்குறி மட்டும் போடுவது, ‘ரிமைண்டர்’ என்று எழுதுவது, மூன்றும் வேண்டாம். இரண்டாவது மெசேஜில் கேள்வியே இருக்கக் கூடாது. நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள்:

“அண்ணா, டம்மி டேட்டாவோட ஆரம்பிச்சுட்டேன். ஃபார்மேட் நம்ம பழைய பில் லிஸ்ட் ஏபிஐ மாதிரியே இருக்கும்னு வச்சுக்கிட்டேன். வேற மாதிரின்னா சொல்லுங்க, மாத்திக்கிறேன்.”

கேள்விக்குப் பதில் எழுதச் சோம்பல்படுபவர்கள்கூட தவறைத் திருத்த உடனே வந்துவிடுவார்கள். ‘இல்லம்மா, தேதி ஃபீல்டு வேற’ என்று அவர் ஆரம்பித்தாலே மீதி நிலவரமும் கூடவே வந்துவிடும். அப்படியும் பேச்சில்லை என்றால் மறுநாள் காலை கூப்பிட்டுவிடுங்கள். மூன்றாவது மெசேஜ் எழுத உட்காராதீர்கள். லீடிடம் போயே ஆகவேண்டும் என்றால் அவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்: “டெமோவுல எதைக் காட்டுறதுன்னு லீட்கிட்ட இன்னைக்குப் பேசணும்ணா, ரெண்டு பேரும் சேர்ந்தே பேசிடலாமா?”

இவ்வளவும் ஒரு தடவை தாமதமாகும் வேலைக்குத்தான். மாதாமாதம் இதே கதை என்றால், நிலவரம் கேட்கும் மெசேஜுக்குள் அந்த மனக்குறையைத் திணிக்காதீர்கள். எவ்வளவு பூசினாலும் வெளியே தெரிந்துவிடும். டெமோ முடிந்த பிறகு நேரில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது.

அடுத்த வேலையை அவர் கையில் எடுக்கும் நாளிலேயே ஒன்று செய்து வையுங்கள். “அண்ணா, செவ்வாய்க்கு வரணும்னா நான் திங்கள் மதியம் ஒரு தடவை கேட்டுக்கவா?” என்று கேளுங்கள். ‘கேளும்மா’ என்றுதான் சொல்வார். திங்கள் மதியம் “சொன்ன மாதிரி கேக்குறேன் அண்ணா, என்னென்ன பாக்கி?” என்று ஒரு வரி போட்டால் போதும். கெடு அப்போது தாண்டியிருக்காது, ஆகவே அவருக்கு மறைக்கவும் எதுவும் இருக்காது.