‘பால் நகோ’ என்பது பிழையா?

எங்கள் பூர்வீகம் மகாராஷ்டிரத்தில் சாங்லி பக்கம். மாமனார் காலத்திலேயே செவ்வாய்ப்பேட்டைக்கு வந்து வெள்ளி உருக்கும் பட்டறை வைத்தோம். வீட்டில் மராத்தி, வெளியில் தமிழ். மகனுக்கு 2 வயது 3 மாதம். ‘பால் நகோ’, ‘ஆயி வா’ என்று இரண்டையும் கலந்தே பேசுகிறான். மராத்தியில் ‘நகோ’ என்றால் வேண்டாம், ‘ஆயி’ என்றால் அம்மா. தமிழில் முப்பது சொல்கூட வரவில்லை என்கிறார் அங்கன்வாடி டீச்சர். மராத்தியை நிறுத்துங்கள் என்கிறார் வீட்டு ஓனரம்மா. போன மழைக்காலத்தில் இரண்டு முறை காதில் சீழ் வடிந்தது. அவன் சொல்லும் சொற்களை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

மராத்தியை நிறுத்த வேண்டாம். ஆனால் காதை இந்த வாரமே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த இரண்டுக்கும் காரணம் உங்கள் பட்டியலிலும் கடிதத்திலுமே இருக்கிறது.

முதலில் பட்டியல். மராத்தியில் 38 சொற்களை எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் நான்கு, பாட்டுச் சொல்லும்போது உங்களுக்குப் பின்னால் அவன் திருப்பிச் சொல்பவை என்று நீங்களே ஓரத்தில் குறித்திருப்பதால், அவற்றை நீக்கிவிட்டேன். தானாக, பொருளறிந்து சொல்வதே கணக்கில் சேரும். உச்சரிப்பு மழலையாக இருந்தாலும் பரவாயில்லை. நாயைக் கண்டால் எப்போதும் ‘பௌபௌ’ என்கிறான் என்றால் அதுவும் ஒரு சொல்தான். இப்படிப் பார்த்தால் மராத்தியில் 34, தமிழில் 29, ஆக மொத்தம் 63. பாணி–தண்ணி, தூத்–பால், மாஞ்சர்–பூனை என ஒரே பொருளுக்கு இரு மொழியிலும் சொல் வைத்திருப்பவை 11. அவற்றை ஒருமுறை மட்டும் எண்ணினாலும், 52 பொருள்களுக்கு அவனிடம் பெயர் இருக்கிறது. இரண்டு வயது முடியும்போது ஏறத்தாழ ஐம்பது சொற்களும், இரண்டு சொற்களைத் தானே சேர்த்துச் சொல்லும் பழக்கமும் வந்திருக்க வேண்டும் என்பதே பேச்சுப் பயிற்சியாளர்கள் பொதுவாக வைத்திருக்கும் அளவுகோல். அந்த ஐம்பது இரு மொழிகளுக்கும் சேர்த்துத்தான். டீச்சர் கேட்டது உண்மைதான். ஆனால் அவர் காதில் விழுந்தது கணக்கில் பாதி மட்டுமே.

‘பால் நகோ’ என்பதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத்தான் பட்டியலில் நட்சத்திரமிட்டு வைத்தேன். பெயர்ச்சொல் ஒரு மொழியிலும் மறுப்பு இன்னொரு மொழியிலும் இருந்தாலும், இரண்டு சொற்களைக் கோத்து, தானே ஆக்கிய ஒரு வாக்கியம் அது. அளவுகோலின் இரண்டாம் பகுதி இதனாலேயே நிறைவேறிவிட்டது. ‘வேண்டாம்’ என்பதைவிட ‘நகோ’ நாவுக்கு எளிது என்பதாலோ, வீட்டில் அதிகம் கேட்பது அதுவே என்பதாலோ, கைக்கெட்டிய சொல்லை எடுத்துக்கொள்கிறான். பட்டியலின் அடியில் நீங்கள் எழுதியிருக்கும் ‘கர்ல’ இன்னும் சுவையானது. வீட்டைக் குறிக்கும் ‘கர்’ என்ற மராத்திச் சொல்லோடு தமிழின் ‘ல’ உருபை ஒட்டியிருக்கிறான். மராத்தியில் அது ‘கராத்’, தமிழில் ‘வீட்ல’; இரண்டிலும் இடத்தைக் குறிக்கும் ஒட்டு சொல்லின் கடைசியில்தான் வரும். அந்த இடத்தைத் தப்பாமல் பிடித்திருக்கிறான் என்றால் இலக்கணம் உள்ளே வேலை செய்கிறது என்றே பொருள். நாமும் ‘பஸ்ல போனேன்’ என்கிறோம். யாரும் நம்மைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதில்லை.

இனி ஓனரம்மாவின் யோசனைக்கு வருகிறேன். இரண்டு மொழி கேட்பதால் குழந்தையின் பேச்சு தாமதமாகாது. சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசி, தெருவில் தமிழ் பேசி வளர்ந்த தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். மராத்தியை நிறுத்தினால், கதை சொல்லவும் கோபித்துக்கொள்ளவும் கொஞ்சவும் உங்களுக்கு எளிதாக வரும் மொழியை விட்டுவிட்டு, அவனிடம் அளந்து அளந்து பேசுவீர்கள். அவன் காதில் விழும் பேச்சுதான் குறையும். தமிழ் இன்னும் பெருக வேண்டுமென்றால் அங்கன்வாடியிலும் தெருப்பிள்ளைகளோடும் அவன் இருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். அவன் ‘பால் நகோ’ என்னும்போது திருத்த வேண்டாம். ‘தூத் நகோ கா?’ என்று நீங்களும், ‘பால் வேண்டாமா?’ என்று டீச்சரும் முழுதாகத் திருப்பிச் சொன்னால் போதும்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்பதற்கு ஒரே கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: குறை ஒரு மொழியிலா, இரண்டிலுமா? ஒன்றில் சரளமாகவும் மற்றதில் தயங்கியும் பேசினால், அது அந்த மொழியைக் கேட்ட நேரத்தின் குறை. உண்மையான பேச்சுக் கோளாறு இரு மொழிகளிலும் தெரியும். தாய்மொழியை மட்டும் விட்டுவைக்காது. உங்கள் மகன் இரண்டையும் சேர்த்தே முப்பது சொற்களோடு நின்றிருந்தால், அல்லது எந்த மொழியிலும் சொற்களைக் கோக்காமல் இருந்தால், ‘ஆண்பிள்ளை, மெதுவாகத்தான் பேசும்’ என்று மூன்று வயதுவரை காத்திருக்கச் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு வயதாகியும் விரலால் சுட்டிக் காட்டாத குழந்தையையும், ஒன்றேகால் வயது கடந்தும் ஒரு சொல்கூட வராத குழந்தையையும், எந்த வயதிலானாலும் பேசிக்கொண்டிருந்த சொற்களை இழக்கும் குழந்தையையும் உடனே காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது ஒரே வரியில் வந்துபோகும் அந்தச் சீழ்தான். சீழ் வெளியே வந்தது என்றால் செவிப்பறையில் துளை விழுந்திருக்கக்கூடும். சீழ் நின்ற பிறகும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், தங்குவதுண்டு. அந்நாட்களில் குழந்தைக்குப் பேச்சு, தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு கேட்பதுபோல மங்கலாகவே கேட்கும். தட்டு விழுந்தால் திரும்பிப் பார்க்கிறானே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். பெரிய சத்தம் கேட்கும், சொல்லின் மெல்லிய ஒலிகள் நழுவும். பட்டறைச் சத்தமும் டி.வி.யும் இல்லாத நேரத்தில் அவன் முதுகுப் பக்கம், ஒரு கையெட்டும் தூரத்தில் நின்று, தாழ்ந்த குரலில் பெயர் சொல்லிப் பாருங்கள். பலமுறை திரும்பாவிட்டால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். திரும்பினாலும் பரிசோதனையை விட வேண்டாம். பிறந்தபோது எடுத்த செவிச் சோதனை சரியாக இருந்தது என்பது இப்போதைய காதுக்குச் சான்றாகாது. அதுவரை காதில் எண்ணெய் விடாதீர்கள். துளை இருந்தால் அது உள்ளே இறங்கும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இதைக் காட்டலாம். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் டீச்சர் வழியாகச் சொல்லி வைக்கலாம். ஆனால் அவர்கள் வருகைக்காகக் காத்திருக்க வேண்டாம். பேச்சுப் பரிசோதனைக்கும் அனுப்பினால், பட்டியலைக் கையோடு கொண்டுபோய், வீட்டு மொழி மராத்தி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தமிழில் மட்டும் படங்களைக் காட்டிக் கேட்டால், அவன் ‘மாஞ்சர்’ என்று சரியாகச் சொன்னதும் தவறு என்று பதிவாகிவிடும்.

இரண்டரை வயதில் மறுபடியும் ஒரு வாரம் அவன் சொற்களைப் பட்டியலாக எழுதுங்கள். சொற்கள் இப்போது இருப்பதைவிட நன்றாகப் பெருகி, மூன்று சொல் வாக்கியங்கள் ஆங்காங்கே வரத் தொடங்கியிருக்க வேண்டும். 63 என்பது 70-லேயே நின்றால், அப்போது காது சரியாக இருந்தாலும் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள்.