கண்ணில் இருந்த புள்ளியை நகர்த்திய ஸ்டுடியோக்காரன்

"என் 2 வயசுப் பொண்ணுக்கு போட்டோவுல மட்டும் ஒரு கண்ணு மூக்குப் பக்கம் ஒதுங்கின மாதிரி தெரியுது. வளர வளர சரியாயிடும்னு மாமியார் சொல்றாங்க. டாக்டர்கிட்ட காட்டணுமா?"

காட்டுங்கள், இந்த வாரமே. நான் டாக்டர் இல்லை. அம்பாசமுத்திரத்தில் 19 வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறவன். போட்டோவைப் பார்த்து நோய் சொல்ல வந்துவிட்டானா என்று திட்டுகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

என் மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால், வலது கண்ணில் ஃபிளாஷின் வெள்ளைப் புள்ளி கருமணிக்கு நடுவில் இருந்தது. இடது கண்ணில் காதுப் பக்கமாக, கருமணியின் ஓரத்துக்குப் போயிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? புள்ளியை மவுஸால் நடுவுக்கு நகர்த்தி, பிரிண்ட் போட்டு, வெட்டிக் கவரில் வைத்துவிட்டேன். கை பழகிப்போன வேலை. பிள்ளையை வெள்ளையாக்கித் தாங்க அண்ணாச்சி என்று கேட்காத தாய் தகப்பன் எங்கள் ஊரில் கிடையாது. கறுப்பாகப் பிறந்த பிள்ளையைக் கறுப்பாகவே பிரிண்ட் போட்டால் காசு தர மாட்டார்கள். அது தனிக்கதை, விடுங்கள்.

எட்டு மாதம் கழித்து மதினிதான் கண்டுபிடித்தாள். விளையாட்டாகப் பிள்ளையின் இடது கண்ணைப் பொத்தினாள், பேசாமல் இருந்தது. வலது கண்ணைப் பொத்தியதும் கையைத் தட்டிவிட்டு அழுதது. "ஏலே, இவளுக்கு இந்தக் கண்ணு தெரியலையோ?" என்றாள். ஆச்சி, "மாறுகண் அதிர்ஷ்டம்லா, சும்மா கெட" என்றார்.

பாளையங்கோட்டையில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். அந்த அம்மா முதலில் செய்தது என் ஸ்டுடியோ வேலையைத்தான். டார்ச்சை நேரே பிடித்து, இரண்டு கண்ணிலும் வெளிச்சப் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்தார். கண் மூக்குப் பக்கம் திரும்பினால் புள்ளி காதுப் பக்கம் ஒதுங்கும். 1 மில்லிமீட்டர் ஒதுங்கினாலே கண் ஏறக்குறைய 7 டிகிரி திரும்பியிருக்கிறது என்றார். அப்புறம் கண்ணின் இறுக்கம் தளர மூன்று நாள் வீட்டில் அட்ரோபின் களிம்பு போட்டுவிட்டு வரச்சொல்லி பவர் பார்த்தார். வலது கண் பிளஸ் 4, இடது பிளஸ் 6. பிளஸ் பவர் கூடுதலாக உள்ள பிள்ளை தெளிவாகப் பார்க்கக் கண்ணை உள்ளுக்குள் இறுக்கும். அந்த இறுக்கத்தோடு சேர்ந்து கண்ணும் மூக்குப் பக்கம் திரும்பிவிடுமாம். படம் இரண்டாகத் தெரியாமலிருக்க, மூளை திரும்பிய கண்ணின் படத்தைத் தள்ளிவிடும். தள்ளித் தள்ளியே அந்தக் கண்ணுக்குப் பார்வை வளராமல் போய்விடும்.

என் மகளுக்குக் கண்ணாடி போட்டதும் கண் நேரானது. ஆனால் பார்வை நேராகவில்லை. நல்ல கண்ணில் பிளாஸ்திரி ஒட்டி, மங்கிய கண்ணை வேலை வாங்கவேண்டியிருந்தது, தினம் இரண்டு மணி நேரம். பிய்த்துப் பிய்த்துப் போடுவாள். கார்ட்டூன் ஓடும்போது மட்டும் ஒட்டவிடுவாள். முழுப் பார்வை 6/6 என்றால், 6/36 என்று இருந்த கண் ஒன்றரை வருடத்தில் 6/9 வரை வந்தது. ஏழெட்டு வயது தாண்டினால் இப்படித் தேற்றுவது ரொம்பக் கஷ்டம் என்றார் டாக்டர். பிறகு ஆபரேஷன் செய்து கண்ணை நேராக்கலாம், தொலைந்த பார்வையை அதில் திரும்ப வாங்க முடியாது.

உங்கள் பொண்ணுக்கு மாறுகண்ணாக இல்லாமலும் இருக்கலாம். மூக்குத்தண்டு அகலமாக, கண்ணின் உள்மூலையில் தோல் மடிந்திருக்கிற பிள்ளைகளுக்கு மூக்குப் பக்கத்து வெள்ளை மறைந்து மாறுகண் போலவே தெரியும். அவர்களுக்குப் புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் விழும். முகத்தை நேராக வைத்து, லென்ஸைப் பார்க்கவைத்து, ஃபிளாஷ் போட்டு எடுத்துப் பாருங்கள். முகம் சாய்ந்த படத்தை நம்பாதீர்கள். பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள், அது கண்ணையும் மாற்றும்.

புள்ளி சரியாக இருக்கிறது என்று டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். விட்டுவிட்டு வருகிற மாறுகண் படம் எடுக்கும் நேரத்தில் நேராகவே இருக்கும். அண்ணன் மகனுக்குக் கண் இரண்டும் நேர்தான், புள்ளியும் சரிதான். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகம். அது தெரிந்தது போலீஸ் செலக்ஷனில், 21 வயதில். கருமணியே சிவப்பாகவோ கறுப்பாகவோ இல்லாமல் ஒரு கண்ணில் வெள்ளையாக மின்னினால், வாரக் கணக்கே வேண்டாம், அன்றைக்கே ஓடுங்கள். சில நேரம் கேமரா கோணத்தாலும் அப்படி மின்னும். ஆனால் கண்ணுக்குள் கட்டியோ புரையோ இருந்தாலும் மின்னும். எதுவென்று டாக்டர் சொல்லட்டும்.

போகும்போது பழைய போட்டோக்களையும் கொண்டுபோங்கள். எப்போதிலிருந்து திரும்புகிறது என்றுதான் முதல் கேள்வி வரும். பாபநாசத்தில் மொட்டை போட்டுக் காது குத்திய அன்று, ஒன்றரை வயதில், என் மகளின் புள்ளி இரண்டும் நடுவில்தான் இருந்தன. எல்.கே.ஜி. போட்டோவையும் ஆசையாக நீட்டினேன். "இதிலும் நேராத்தானே இருக்கு?" என்றார் டாக்டர். நான் நகர்த்தியது என்று சொல்ல வாய் வர ஒரு நிமிடம் ஆனது.